கறி தோசையை ஓரத்திலிருந்து எடுங்க

“தம்பி, நம்ம கடைக்குப் புது மெனு அட்டை போடணும். பாரம்பரியமாவும் இருக்கணும், மாடர்னாவும் இருக்கணும். பாத்தா ஒரு ரிச் லுக் வேணும். நம்ம ஸ்பெஷல் அயிட்டம் எல்லாம் அட்டையில வந்துடணும்.”

மதுரையில் அசைவ மெஸ் நடத்தும் ஒருவர், மெனு அட்டை வடிவமைக்கும் இளைஞருக்கு முதலில் எழுதி அனுப்பியது இவ்வளவுதான். நம் ஊரில் பெரும்பாலான ஓட்டல்காரர்கள் அனுப்புவதும் இதுதான். இதை வாங்கிக்கொண்டவர் என்ன வரைவார்? கறுப்புப் பின்னணி, தங்க நிறத்தில் கொடி வேலைப்பாடு, ஓரத்தில் ஒரு மண்டபத் தூண், நடுவில் இணையத்திலிருந்து எடுத்த ஒரு பிரியாணிப் படம். படத்தில் இருக்கும் நீளமான பாஸ்மதி அரிசி இந்த மெஸ்ஸின் வாசலையே மிதித்ததில்லை. இங்கே சீரகச் சம்பாதான். ஆனால் வடிவமைப்பாளர் மேல் குற்றமில்லை. ‘ரிச்’ என்பதை யாராலும் வரைய முடியாது. வரைய முடிந்தது தங்கக் கொடிதான், அதை வரைந்தார்.

அந்த அட்டை வேண்டாம் என்றான பிறகு கடைக்காரர் உட்கார்ந்து, மூன்று பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அட்டைக்காக எழுதப்படும் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அதை நல்ல உதாரணமாகச் சொல்வேன். அதில் அழகைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. கடையின் மனநிலையைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்டது ஒரு நேரத்தை.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நம்ம கடை எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோங்க. வெளியில வெயில் கொளுத்தும். உள்ள ஃபேன் சத்தம், கல்லுல தோசைத் திருப்பி தட்டுற சத்தம். ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே அடுத்த குடும்பம் பின்னாடி வந்து நிக்கும். யாரும் நிதானமா உக்காந்து பேசிக்கிட்டு இருக்கற கடை இல்ல தம்பி இது. பசியோட வர்றவங்க. அட்டையைப் பாத்ததும் அந்தப் பசி இன்னும் கொஞ்சம் ஏறணும், அம்புட்டுதான்.”

இந்த நாலு வரியில் வடிவமைப்பாளருக்கு எத்தனை முடிவுகள் கிடைக்கின்றன என்று பாருங்கள். மத்தியான வெயில் என்றால் மெழுகுவத்தி வெளிச்சமும் இருண்ட பின்னணியும் அடிபட்டுப் போகின்றன. வெளிச்சம் பளிச்சென்று ஒரு பக்கத்திலிருந்து வர வேண்டும். நெருக்கடியான கடை என்றால் படத்தைச் சுற்றி ஏராளமான வெற்றிடம் விட்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு கிண்ணம் வைக்கும் நட்சத்திர ஓட்டல் பாணி பொருந்தாது. உணவு அட்டையை அடைத்துக்கொண்டு நிற்கலாம். பசியோடு வருபவர்கள் என்றால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.

அடுத்து எந்த உணவு என்ற கேள்வி. இந்தக் கடையின் பேர் சொல்லும் அயிட்டங்கள் நான்கு: கறி தோசை, அயிரை மீன் குழம்பு, மட்டன் சுக்கா, கோலா உருண்டை. நான்கும் அட்டையில் வர வேண்டும் என்பதுதான் முதலில் அவர் ஆசை. நான்கையும் ஒன்றாக மனசில் வைத்துப் பாருங்கள். நான்கும் பழுப்பு. நம் அசைவச் சமையலின் ருசியே வதக்கலிலும் வறுவலிலும் இருப்பதால் நிறம் அப்படித்தான் வரும். நாக்குக்கு அது வரம், அச்சகத்துக்குப் பெரிய தலைவலி.

அதற்குக் காரணம் உண்டு. செல்போன் திரை தானே ஒளி வீசுகிறது, அதனால் சுக்காவின் கரும்பழுப்பும் அதில் மினுமினுக்கும். காகிதத்துக்கு அந்த ஒளி கிடையாது. சயான் எனும் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைப் புள்ளி புள்ளியாக வைத்துத்தான் அதில் எல்லா நிறமும் வருகிறது. பழுப்பில் நீலமும் கறுப்பும் கொஞ்சம் கூடிவிட்டால் கறி சேறாகிவிடும். பக்கத்தில் இன்னொரு பழுப்பு, அதற்குப் பக்கத்தில் மற்றொன்று என்று வைத்தால் எது கோலா, எது சுக்கா என்று சமைத்தவருக்கே தெரியாது. கறுப்புப் பின்னணியில் வைத்தாலோ விளிம்பே மறைந்துவிடும். அதனால் நான்கில் ஒன்றுதான் அட்டைக்கு. மற்றவை உள்ளே.

எந்த ஒன்று? வெளியூர்க்காரர்கள் தேடி வருவது அயிரை மீனுக்கு. விரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீன் அது. உயிரோடு வாங்கி வந்து, தேங்காய்ப் பாலிலோ பாலிலோ விட்டு, உள்ளே இருக்கும் மண்ணைக் கக்கவைத்து, சட்டியில் உப்புப் போட்டு உரசிக் கழுவி, அறுக்காமல் முழுசாகவே புளிக்குழம்பில் போடுவார்கள். கடிதத்தில் இதைக் கடைக்காரர் விலாவாரியாகவே எழுதியிருக்கிறார். காரணம், முதலில் வந்த மாதிரியில் ‘மீன் குழம்பு’ என்று வஞ்சிரத் துண்டு ஒன்று மிதந்தது. அயிரையைப் பார்த்தே இராத ஒருவருக்கு மீன் என்றால் துண்டுதான். எழுதுகிறவருக்குத் தெரிந்த விஷயம் என்பதாலேயே விட்டுப்போகிற தகவல் இந்த மாதிரிதான் இருக்கும்.

இருந்தும் அயிரை அட்டைக்கு வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். “மீன் வரத்து நம்ம கையில இல்ல தம்பி. அட்டையில படத்தைப் போட்டுட்டு, வர்றவங்ககிட்ட இன்னிக்கு அயிரை இல்லைன்னு தினம் சொல்லிக்கிட்டு இருக்க முடியாது. அதை உள்பக்கத்துல கோட்டோவியமா போடுங்க. கீழ, கிடைக்கும் நாட்களில்னு சேருங்க.” என்னைக் கேட்டால் கடிதத்திலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான வரி இதுதான். அட்டையில் இருக்கும் உணவு ஒரு வாக்குறுதி. வருஷம் முழுக்கக் காப்பாற்ற முடிந்ததைத்தான் அங்கே வைக்க வேண்டும்.

ஆக, கறி தோசை. மதுரையில் சிம்மக்கல் கோனார் கடையை நினைக்காமல் யாரும் இந்தப் பேரை உச்சரிப்பதில்லை. ஆனால் இப்போது நகரில் பல மெஸ்களில் கிடைக்கிறது. கெட்டியாக ஊற்றிய மாவு, அதன் மேல் உடைத்து ஊற்றிய முட்டை, அதன் மேல் பொடியாக வெட்டி மசாலாவில் வெந்த ஆட்டுக்கறி. திருப்பிப்போட்டு வேகவைத்து எடுத்தால் கனமான ஒரு வட்டம். இந்த வட்டத்தை மேலே நின்று படமெடுத்தால் என்ன தெரியும்? பழுப்பு நிறத்தில் ஒரு தட்டு. இணையத்தில் உணவுப் படம் எடுப்பவர்கள் எல்லாரும் இப்போது தலைக்கு மேலிருந்துதான் எடுக்கிறார்கள். சாப்பாட்டுத் தாலிக்கு அது சரி, இதற்குச் சரிவராது.

கடைக்காரர் இதற்கு எழுதிய குறிப்பு: “கறி தோசையை மேலயிருந்து எடுக்காதீங்க. கத்தியால நாலா வெட்டி, ஒரு துண்டைக் கொஞ்சம் நகத்தி வச்சு, ஓரத்துலயிருந்து எடுங்க. சாப்பிடறவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி.” இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் கண், தட்டைச் சாய்வாகத்தான் பார்க்கிறது. அந்தக் கோணத்தில் வெட்டிய ஓரத்தில் அடியில் மாவின் வெள்ளை, நடுவில் முட்டையின் மஞ்சள், மேலே கறி என்று மூன்று நிறமும் அடுக்கடுக்காகத் தெரியும். பழுப்புப் பிரச்சினைக்கு வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமல், உணவுக்குள்ளேயே தீர்வு கிடைத்துவிட்டது. வெளிச்சம் சன்னலிலிருந்து, தோசைக்குப் பின்பக்கமாகச் சாய்ந்து வந்தால் கறி மேல் இருக்கும் எண்ணெய் பளபளக்கும். நேர் எதிரிலிருந்து ஃபிளாஷ் அடித்தால் அதே எண்ணெய் வெள்ளைத் திட்டாகிவிடும். கல்லிலிருந்து எடுத்த சில நிமிஷத்துக்குள் படமெடுத்துவிட வேண்டும். ஆறினால் கறியின் மேல்பகுதி மங்கிவிடும்.

கொத்தமல்லித் தழை? “நாம தூவிக் குடுக்கறதில்லை, அதனால படத்துலயும் வேண்டாம். வெங்காயம் வைப்போம், அதை வைங்க.” இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடியில் வாழையிலை. பழுப்புக்குப் பக்கத்தில் பச்சை நன்றாக எடுத்துக்கொடுக்கும். ஆனால் திரையில் தெரியும் இலைப்பச்சை அச்சில் அதே துடிப்போடு வராது, ஓரளவு அடங்கித்தான் வரும். இது அச்சகத்தின் தவறல்ல, நான்கு மைகளின் எல்லை. இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று இருக்கிறது. அட்டையில் எழுத்துக்கு இடம் வேண்டுமென்று வடிவமைப்பாளர் படத்தை இடம் வலமாகப் புரட்டிவிடுவது சாதாரணமாக நடப்பது. ஒரு மேசை படத்துக்கு அதனால் கேடில்லை. வாழையிலையைப் புரட்டினால் நுனி சாப்பிடுகிறவரின் வலப்பக்கம் போய்விடும், படத்தில் கை இருந்தால் அது இடக்கையாகிவிடும். நம்மில் யார் பார்த்தாலும், ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ சரியில்லை என்று தோன்றும். “நுனி இடப்பக்கம். படத்தைத் திருப்பக் கூடாது” என்று கடிதத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது.

வேண்டாதவற்றின் பட்டியலும் இருந்தது. மீனாட்சி அம்மன் கோபுரம் வேண்டாம். மதுரை என்றதும் எல்லார் கையும் கோபுரத்துக்குத்தான் போகிறது, ஆனால் ஆட்டுக்கறி அட்டையில், குழம்புக் கறையும் எச்சில் கையும் படுகிற இடத்தில் அதை வைக்க அவர் மனசு ஒப்பவில்லை. ஜல்லிக்கட்டுக் காளையும் வேண்டாம், நாம் எதை விற்கிறோம் என்றே சந்தேகம் வந்துவிடும்! ஜிகர்தண்டா கூடாது, கடையில் கிடையாது.

படங்களை அனுப்பும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ4 அளவு அட்டையின் உயரத்துக்கு அது சுமார் 3500 புள்ளி. அகலமும் உயரமும் அதில் பாதியாகச் சுருங்கிய படம் செல்போனில் அழகாகத்தான் தெரியும், அட்டையில் தோசை ஓரம் கலங்கிப்போகும். படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அசல் அளவிலேயே போய்ச் சேரும்.

காகிதத்தில் பெரிய யோசனை எதுவுமில்லை. இந்த மாதிரிக் கடையில் ஈரத்துணியால் துடைக்க முடிய வேண்டும், ஆகவே லேமினேஷன் கட்டாயம். பளபள வகை ட்யூப்லைட்டைக் கண்ணாடி போலக் காட்டும். மங்கல் வகை கண்ணுக்கு இதமானது, ஆனால் அடர்ந்த நிறத்தின் மேல் அதைப் போட்டால் ஒவ்வொரு எண்ணெய் விரலும் பதிந்து தெரியும். வெளிர்நிற அட்டையாக இருந்தால் அந்தக் கவலை குறைவு. தங்கக் கொடி போட்ட கறுப்பு அட்டை தப்பிக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிதத்தின் கடைசிப் பத்தி சாம்பிள் அச்சைப் பற்றியது. அதை அச்சகத்தில் நின்று பார்த்துச் சரி சொல்வதாக அவர் இல்லை. கடைக்குக் கொண்டுவந்து, ராத்திரி எட்டு மணிக்கு, அந்த லைட்டிலேயே மேசையில் வைத்துப் பார்ப்பேன் என்றார். பகலில் சரியாக இருந்த பழுப்பு மஞ்சள் விளக்கின் கீழ் எப்படி மாறுகிறது என்பதை வேறெங்கும் தெரிந்துகொள்ள முடியாது. எழுத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படிப்பேன் என்றும் எழுதியிருந்தார். தமிழை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவது இன்றும் நடக்கிறது. ‘கோலா’வின் கொம்பு தனியே நின்றால் வடிவமைப்பாளர் கண்ணுக்கு அது படாமல் போகலாம்.

நீங்களும் அட்டை போடப்போகிறீர்கள் என்றால் அந்தச் சாம்பிளை வாங்காமல் விடாதீர்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு தெரியவரும் பிழைக்கு, மறு அச்சுச் செலவு வழக்கமாகக் கடைக்காரர் கணக்கில்தான்.