ஓர் இடம் எப்போதும் காலி

ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி, டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார், பதிவு செய்ய ஒரு எஸ்.டி. கார்டு. கல்லூரி மாணவர்கள் அடிக்கடி செய்து பார்க்கும் கூட்டணி இது. இதில் பலருக்கும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. ஜி.பி.எஸ். கருவியின் விளக்கு ஒழுங்காக மினுக்கும். செயற்கைக்கோள்கள் கிடைத்துவிட்டன என்று அதற்குப் பொருள். ஆனால் கார்டில் பதிவாகும் இடம் மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும், அல்லது எப்போதாவது ஒருமுறை மாறும். வயரைப் பிடுங்கி மாட்டுவார்கள், கருவியையே மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு இருப்பது ஊனோவின் நினைவகத்தில், வெறும் 64 பைட் நீளமுள்ள ஒரு சிறு பகுதியில்.

ஜி.பி.எஸ். கருவி தன் இருப்பிடத்தை எழுத்துகளாக அனுப்புகிறது. வழக்கமான 9600 வேகத்தில் ஒரு நொடிக்கு 960 எழுத்துகள் வரை வரலாம். அதாவது கிட்டத்தட்ட ஒவ்வொரு மில்லி நொடிக்கும் ஓர் எழுத்து. நிரல் அந்த நேரத்தில் வேறு வேலையில் இருந்தாலும் கருவி காத்திருக்காது. சிப்பின் தொடர் வாயில் தானாகத் தாங்கிக்கொள்ளக்கூடியது இரண்டு எழுத்துகளைத்தான். அதனால் எழுத்து வந்ததும் சிப் நடந்துகொண்டிருக்கும் வேலையைச் சட்டென நிறுத்தி, ‘இன்டரப்ட்’ எனப்படும் குட்டி நிரலை ஓட்டுகிறது. அது எழுத்தை எடுத்து 64 பைட் பகுதியில் போட்டுவிட்டுப் பழைய வேலையைத் தொடரவிடும். முதன்மை நிரல் தனக்கு நேரம் கிடைக்கும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

இந்தப் பகுதிதான் சர்க்குலர் பஃபர். ரேஷன் கடை வரிசையில் முன்னால் ஒருவர் விலகினால் பின்னால் நிற்கும் எல்லோரும் ஓரடி நகர வேண்டும். கணினியில் அப்படிச் செய்தால் ஓர் எழுத்தை எடுப்பதற்காக மற்ற எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டியிருக்கும். சர்க்குலர் பஃபரில் எந்த எழுத்தும் நகர்வதில்லை. ‘ஹெட்’, ‘டெயில்’ என்ற இரண்டு எண்கள்தான் நகர்கின்றன. அடுத்து வரும் எழுத்தை எங்கே வைப்பது என்பதை ஹெட் சொல்கிறது. அடுத்து எதை எடுப்பது என்பதை டெயில் சொல்கிறது. கடைசி இடத்தைத் தாண்டினால் இரண்டும் மறுபடி பூஜ்ஜியத்துக்கு வரும்.

எட்டே இடங்கள் கொண்ட பஃபர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடங்களின் எண்கள் 0 முதல் 7 வரை. ஹெட் 6, டெயில் 4 என்றால் 4, 5 ஆகிய இடங்களில் இரண்டு எழுத்துகள் காத்திருக்கின்றன. இன்னும் மூன்று வந்தால் அவை 6, 7, 0 ஆகிய இடங்களில் அமரும். ஹெட் 1 ஆகும். நிரல் இரண்டை எடுத்தால் டெயில் 6 ஆகும். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் பஃபர் காலி.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுகிறது. எட்டு இடங்களையும் நிரப்பிவிட்டால் ஹெட் ஒரு முழுச் சுற்று வந்து டெயில் இருக்கும் இடத்தில்தான் நிற்கும். காலியா, நிறைந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது? ஆர்டுயினோ நூலகம் எடுத்திருக்கும் முடிவு, ஓர் இடத்தை எப்போதும் காலியாக விட்டுவிடுவது. அதன் நிரலைச் சுருக்கினால் இப்படி இருக்கும்:

```
next = (head + 1) % 64;
if (next != tail) {
  buf[head] = c;
  head = next;
}
```

ஹெட் அடுத்த அடி வைத்தால் டெயிலின் மேல் மோதும் என்றால் பஃபர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது புதிய எழுத்து ஓசையில்லாமல் கைவிடப்படும். ஆக, 64 பைட் பஃபரில் நிற்கக்கூடியது 63 எழுத்துகள்.

ஓர் இடத்தை வீணாக்குவதற்குப் பதில், எத்தனை எழுத்துகள் இருக்கின்றன என்று தனியாக எண்ணி வைத்தால் என்ன என்று தோன்றும். அதில் உள்ள ஆபத்து நுட்பமானது. அந்த எண்ணிக்கையை இன்டரப்ட் கூட்டும், முதன்மை நிரல் குறைக்கும். குறைப்பது என்பது சிப்புக்கு மூன்று வேலைகள்: எண்ணை எடுப்பது, ஒன்றைக் கழிப்பது, திரும்ப வைப்பது. 10 என்ற எண்ணை நிரல் கையில் எடுத்த நேரத்தில் இன்டரப்ட் புகுந்து அதை 11 ஆக்கிவிட்டுப் போகிறது என்று வையுங்கள். நிரலுக்கு அது தெரியாது. தன் கையில் உள்ள 10-ஐ 9 ஆக்கித் திரும்ப வைக்கும். இருக்க வேண்டியது 10. உள்ளே வந்த ஓர் எழுத்து கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது. மணிக்கணக்கில் நன்றாக ஓடிவிட்டு எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் பிழை இது. தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

ஹெட், டெயில் முறையில் இந்தச் சண்டையே வராது. ஹெட்டை மாற்றும் உரிமை இன்டரப்டுக்கு மட்டும், டெயிலை மாற்றும் உரிமை முதன்மை நிரலுக்கு மட்டும். மற்றவர் எண்ணைப் படிக்கலாம், தொடக்கூடாது. எழுத்தை வைத்த பிறகே ஹெட்டை நகர்த்துகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் நகர்த்தினால், இன்னும் எதுவும் வைக்கப்படாத இடத்தை எதிர்த்தரப்பு படித்துவிடக்கூடும்.

நிறைந்த பின் புதியதைக் கைவிடுவது ஒரு கொள்கை. பழையதன் மேல் எழுதுவது இன்னொன்று. விமானியறை ஒலிப்பதிவுக் கருவி இரண்டாவது வகை. 2024 ஜனவரி 5 அன்று போர்ட்லாந்தில் கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில், கதவிடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால் பதிவுக் கருவி இரண்டு மணி நேர ஒலியைத்தான் வைத்திருக்கும். உரிய நேரத்தில் அதன் மின் இணைப்பைத் துண்டிக்காததால், அது தொடர்ந்து ஓடிச் சம்பவ நேர உரையாடலின் மேலேயே எழுதிவிட்டது. புதிய விமானங்களில் 25 மணி நேரப் பதிவு வேண்டும் என்று அமெரிக்கா அதே ஆண்டு சட்டம் இயற்றியது.

பழையதன் மேல் எழுதுவதற்கு நிரலிலும் ஒரு விலை உண்டு. இடம் இல்லாதபோது எழுதுபவரே டெயிலையும் தள்ளிவிட வேண்டும். ஒரு எண்ணுக்கு ஒரே உரிமையாளர் என்ற ஏற்பாடு உடைகிறது. எனவே படிக்கும்போது இன்டரப்டைச் சில கணங்கள் நிறுத்தி வைக்க வேண்டிவரும்.

மாணவர்களின் கருவிக்குத் திரும்புவோம். டிஎஸ்18பி20 தன் முழுத் துல்லியத்தில் வெப்பநிலையை அளக்க 750 மில்லி நொடி வரை எடுத்துக்கொள்ளும். வழக்கமான நூலகம் அதுவரை நிரலைக் காக்க வைக்கும். அதற்குள் ஜி.பி.எஸ். கருவி அந்த நொடிக்கான எல்லா வரிகளையும், சுமார் 400 முதல் 500 எழுத்துகள், அனுப்பி முடித்திருக்கும். முதல் 63 மட்டும் தப்பும். இருப்பிடத்தைச் சொல்லும் ஒரு வரியே பெரும்பாலும் 70 எழுத்துகளைத் தாண்டும் என்பதால் அதுகூட முழுதாகக் கிடைப்பதில்லை. அரைகுறை வரியின் வாலில் வேறொரு வரியின் துண்டு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வரியின் முடிவிலும் உள்ள சரிபார்ப்பு எண் ஒத்துப்போகாததால் நிரல் அதை ஒதுக்கிவிடும். பழைய இடமே பதிவாகும். டைனிஜிபிஎஸ் பிளஸ் நூலகத்தில் `failedChecksum()` தரும் எண் ஏறிக்கொண்டே போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வழிதலைத்தான்.

இதற்குப் பஃபரைப் பெரிதாக்குவது நல்ல வழியல்ல. ஊனோவின் மொத்த நினைவகம் 2,048 பைட், எஸ்.டி. நூலகமே அதில் 512-ஐ எடுத்துக்கொள்கிறது. `setWaitForConversion(false)` என்று சொல்லிவிட்டு, சென்சார் அளந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஜி.பி.எஸ். எழுத்துகளை எடுத்துக்கொண்டிருந்தால் போதும். எஸ்.டி. கார்டு விஷயம் வேறு. அது எழுதும்போது சில சமயம் 250 மில்லி நொடி வரை நின்றுவிடும். அதை நிரலால் தவிர்க்க முடியாது. அந்த நேரத்தில் 240 எழுத்துகள் வரலாம். எனவே பஃபர் 256 பைட், நிற்பவை 255. எட்டு பிட் எண் 255-க்குப் பிறகு தானாகவே பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் என்பது கூடுதல் வசதி. அதற்கு மேல் போனால் ஹெட்டும் டெயிலும் இரண்டு பைட் எண்களாகிவிடும். எட்டு பிட் சிப் அவற்றை இரண்டு தடவையாகப் படிக்கும்; நடுவில் இன்டரப்ட் புகுந்தால் 255-க்கும் 256-க்கும் இடையே 511 என்ற எண்கூட கண்ணில் படலாம்.