ஆஸ்பத்திரிச் சீட்டை ஒப்புநோக்குவது எப்படி?



அச்சகங்களில் புரூஃப் பார்ப்பவர் என்று ஒருவர் இருப்பார். அச்சடித்த தாளை மட்டும் அவர் வாசிப்பதில்லை. மூலக் கைப்பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்புநோக்குவார். தாளை மட்டும் வாசித்தால், கண் தான் எதிர்பார்த்ததையே கண்டு போய்விடும். நோயாளி வீடு திரும்பும்போது ஆஸ்பத்திரியில் தருகிற டிஸ்சார்ஜ் சீட்டையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். அதில் எதை எதை ஒப்புநோக்க வேண்டும் என்பதை இன்று நாம் காண்போம்.

ஜொகூர் தோட்டத்திலிருந்து வந்த அறுபது வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய மகன் சிங்கப்பூரில், ஜாலான் புசார் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். மகனைப் பார்க்க வந்த இடத்தில் பெரியவருக்கு உடல்நலம் கெட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்து நாட்களில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இது விளக்கத்துக்காக நாம் புனைந்துகொண்ட கதைதான். ஆனால் இதில் வரும் மருந்துகளும் பிழைகளும் உண்மையானவை.

பெரியவருக்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும் உண்டு. இதயத் துடிப்பும் ஒழுங்காக இல்லை. வார்டில் அவருக்கு மூன்று மருந்துகள் கொடுத்தார்கள். இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ராலசின் 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் 1 மில்லிகிராம், இரவில் ஒரு வேளை. நீரிழிவுக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் இன்சுலின் 4 யூனிட். நம்முடைய மூலப்பிரதி இதுதான். இனிச் சீட்டைப் பார்ப்போம்.

முதல் வரியில் 'ஹைட்ராக்சிசின் 25 மில்லிகிராம், மூன்று வேளை' என்று இருக்கிறது. காதுக்கு ஏறக்குறைய ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் எழுதினாலும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றே. ஆனால் ஹைட்ராக்சிசின் என்பது அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தருகிற மருந்து, தூக்கம் வரவழைக்கும். கம்ப்யூட்டரில் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் பெயர்கள் வரிசையாக வரும். கை அடுத்த பெயரில் பட்டால் மருந்தே மாறிவிடும். அளவைப் பார்த்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இரண்டிலும் 25 மில்லிகிராம் மாத்திரை உண்டு. இரண்டையும் மூன்று வேளை கொடுப்பதும் உண்டு. மாற்றிச் சாப்பிட்டால் பெரியவர் பகலெல்லாம் தூங்கி வழிவார்; இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

இத்தகைய பிழையைப் பிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: 'இது எந்த நோய்க்கு?' மருந்தாளர் 'அரிப்புக்கு' என்று சொன்னால், 'அவருக்கு அரிப்பே இல்லையே' என்று மகன் சொல்லிவிடுவார். அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு மருந்தின் பக்கத்திலும் அது எதற்கு என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் இத்தகைய இரட்டைப் பெயர்களில் மாறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தில் காட்டுகிறார்கள். கண் அந்த இடத்தில் நின்று பார்க்கட்டும் என்பதற்காகத்தான்.

பெயர்க் குழப்பம் உலகெங்கும் உள்ளதே. வயிற்றில் அமிலம் குறைக்கும் லோசெக் என்ற மருந்தும், உடம்பில் சேர்ந்த நீரை இறக்கும் லாசிக்ஸ் என்ற மருந்தும் அமெரிக்காவில் கையெழுத்தில் ஒன்றுபோல் தெரிந்தன. இரண்டிலும் 20 மில்லிகிராம் உண்டு. அதனால் 1990-ஆம் ஆண்டு அங்கே லோசெக்கின் பெயரைப் பிரிலோசெக் என்று மாற்றினார்கள். பிறகு அந்தப் புதுப்பெயரும் மனச்சோர்வுக்கான புரோசாக் என்ற மருந்தோடு குழம்பியது! வேறு பல நாடுகளில் லோசெக் என்ற பெயரே தொடர்ந்தது. எல்லை தாண்டும் நம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைப்பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே சீட்டில் மருந்தின் பொதுப்பெயரும் இருக்கவேண்டும்.

இரண்டாவது வரியில் வார்ஃபரின் அளவு '1.0' என்று அச்சாகியிருக்கிறது. இது தவறில்லை, ஒன்று என்பதுதான் பொருள். ஆனால் நகல் எடுக்கும்போது அந்தச் சிறு புள்ளி மறைந்தால் அது பத்தாகிவிடும். பத்து மடங்கு வார்ஃபரின் உள்ளே போனால் சில நாட்களில் ஈறில் இரத்தம் கசியலாம். அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுகள் தோன்றலாம். மலம் கறுப்பாகப் போகலாம். இவை தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். இதற்கு மாறான பிழையும் உண்டு. 0.5 என்பதில் முன்னுள்ள சைபரை விட்டு வெறும் '.5' என்று எழுதினால், புள்ளி மங்கியதும் ஐந்தாகிவிடும். விதி எளிது: முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் சைபரும் வேண்டாம், ஒன்றுக்குக் குறைந்த எண்ணுக்கு முன்னால் சைபர் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது வரி இன்சுலின். '4 யூனிட்' என்பதைச் சுருக்கி, நான்குக்குப் பக்கத்தில் ஆங்கில 'யூ' எழுத்தை ஒட்டி எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்தின் மேல்வாய் சற்று மூடினால் சைபர்போலத் தெரியும், நான்கு நாற்பதாகும். நாற்பது யூனிட் போட்டுக்கொண்டால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், நினைவும் தப்பலாம். வேளைக் குறிப்பிலும் இதே கதைதான். நாளுக்கு ஒரு முறை என்பதற்குச் சிலர் 'கியூ.டி.' என்று எழுதுவார்கள். நான்கு முறை என்பதற்கு 'கியூ.ஐ.டி.'. நடுவில் ஒரு கோடு விழுந்தால் ஒன்று நான்காகிவிடும். யூனிட்டைக் குறிக்கும் அந்த ஒற்றை எழுத்தும், 'கியூ.டி.'யும், எண்ணுக்குப் பின்வரும் சைபரும் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட 'எழுதக்கூடாதவை' பட்டியலில் இடம்பெற்றவை.

பார்த்தீர்களா? முதல் வரியில் பிழை எழுதியவருடையது. மற்ற இரண்டில் எழுதியவர் சரியாகத்தான் எழுதினார். அடுத்து வாசிப்பவர் தவறிவிட இடம் வைத்துவிட்டார். அந்த அடுத்த ஆள் தோட்டத்து டிரெஸ்ஸராக இருக்கலாம், அல்லது இங்கிலீஷ் படிக்கும் பேரப்பிள்ளையாக இருக்கலாம். ஆகவே 'இது சரியா?' என்பதோடு, 'இதை வேறு விதமாக வாசிக்க முடியுமா?' என்றும் பார்க்கவேண்டும்.

வேலையை ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் முன்பே, மருந்து கொடுக்கும் இடத்தில் செய்யுங்கள். முன்பு வீட்டில் சாப்பிட்ட மருந்துகளையும் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஒருவர் சீட்டை உரக்க வாசிக்கட்டும். மற்றவர் மருந்து உறையில் உள்ள பெயரைப் பார்க்கட்டும். எதற்கு, எவ்வளவு, எத்தனை வேளை என்று மருந்தாளரைக் கேட்டு, 'நான்கு யூனிட்', 'இரவில் ஒரு மாத்திரை' என்று எழுத்தாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய மருந்து சீட்டில் இல்லையென்றால், நிறுத்திவிட்டார்களா, மறந்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

இந்த ஒப்புநோக்கலுக்கு ஓர் எல்லை உண்டு. டாக்டர் தேர்ந்த மருந்து நோய்க்கு ஏற்றதுதானா என்பதை நம்மால் தீர்மானிக்க முடியாது. சந்தேகம் வந்தால் நாமாக அளவைத் திருத்தவும் கூடாது, மருந்தை விட்டுவிடவும் கூடாது. தோட்டம் திரும்பிய பிறகு சந்தேகம் எழுந்தால், அடுத்த வேளை மருந்துக்கு முன்பே சீட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்குப் பேசுங்கள். அல்லது சீட்டையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கிளினிக்குக்குப் போங்கள்.