உரமும் விளைச்சலும்: ஒரு கெழு சொல்லாமல் விடுவது

காவிரியின் கடைமடையாகிய முத்துப்பேட்டைப் பக்கத்தில், தழைச்சத்துக்கும் நெல் விளைச்சலுக்கும் உள்ள உறவைக் கணக்கிட எண்ணினோம் என்று கொள்வோம். கணக்குக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள் இவை: ஐந்து வயல்களுக்கு முறையே 0, 1, 2, 3, 4 பங்கு உரம், பங்கு ஒன்றுக்கு ஏக்கருக்கு 15 கிலோ தழைச்சத்து. விளைச்சல் ஏக்கருக்கு 20, 30, 36, 39, 40 மூட்டை.

கார்ல் பியர்சன் வகுத்த நேர்கோட்டு ஒட்டுறவுக் கெழு இங்கே ஏறத்தாழ 0.94 ஆகும். இக்கெழு, புள்ளிகள் ஒரு நேர்கோட்டை எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதையே அளக்கிறது. 1904-இல் ஸ்பியர்மன் வெளியிட்ட தர ஒட்டுறவு, மூட்டைகளை விட்டுவிட்டு வரிசையை மட்டுமே நோக்குகிறது. உரத்தில் முதலாவது விளைச்சலிலும் முதலாவது. இவ்வாறே ஐந்தும் பொருந்துவதால் இதன் மதிப்பு சரியாக 1. உரம் ஏற ஏற விளைச்சலும் ஏறியது என்பதே இதன் பொருள். எவ்வளவு ஏறியது என்பதை அது சொல்லாது.

உழவருக்கு வேண்டியதோ அந்த அளவுதான். முதற்பங்கு உரம் 10 மூட்டை கூட்டியது. நான்காம் பங்கு ஒரே மூட்டையைக் கூட்டியது. 0.94 என்னும் எண்ணை மட்டும் கண்டவர், பங்குக்கு ஏறத்தாழ ஐந்து மூட்டை வருமென்று எண்ணி ஐந்தாம் பங்கையும் வாங்கிவிடுவார்!

இந்த வளைவைக் கண்டறிய எளிய வழி ஒன்றுண்டு. மிகப் பொருத்தமான நேர்கோட்டை வரைந்து, ஒவ்வொரு வயலும் அக்கோட்டுக்கு மேலா கீழா என்று பாருங்கள். நம் கணக்கில் இரு கடைசி வயல்களும் ஏறத்தாழ மும்மூன்று மூட்டை கீழே நிற்கின்றன. நடு மூன்றும் மேலே நிற்கின்றன. தற்செயலான பிழையாயின் மேலும் கீழும் கலந்து வந்திருக்கும். இப்படி ஒழுங்காக வருவது வளைவின் அடையாளம்.

இனி, உரத்தை எட்டுப் பங்குவரை நீட்டுவோம். தழைச்சத்து மிகுந்தால் பயிர் இலையாகத் தழைத்து, தண்டு மென்மையாகி, கதிர்ப் பாரம் தாங்காமல் காற்றிலும் மழையிலும் சாயும். குலைநோயும் எளிதில் பற்றும். ஆகவே விளைச்சல் 39, 36, 30, 20 என இறங்குவதாகக் கொள்வோம். (ஏறியபடியே இறங்குவது கணக்கின் வசதிக்கு, வயல் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.) இப்போது ஒன்பது வயல்களுக்கும் பியர்சன் கெழு 0. தர ஒட்டுறவும் 0! உரத்தின் அளவைச் சொன்னால் விளைச்சலைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஆயினும் இரு கெழுக்களும் உறவே இல்லாததுபோல் காட்டுகின்றன. ஏறிய பாதியும் இறங்கிய பாதியும் ஒன்றையொன்று அடித்துவிட்டன. தர ஒட்டுறவு வளைவைத் தாங்கும், ஆனால் ஒரே திசையில் செல்லும் வளைவை மட்டுமே.

முதல் ஐந்து வயல்களைத் தனியே எடுத்தால் 0.94, கடைசி ஐந்தை எடுத்தால் அதே எண் எதிர்க்குறியோடு வரும். எனவே ஒரு கெழுவைக் காணும்போது, உரம் எதிலிருந்து எதுவரை இடப்பட்டது என்று முதலில் கேளுங்கள்; பிறகு வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்துப் பாருங்கள்.