பெயர் சரி, வால் எது?

கரூரில் மேசை விரிப்பு தைத்து ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் அனுப்பும் நண்பருக்குக் கம்பெனிப் பெயர் ரெடி. ஆனால் அதே பெயரில் .com-ஐ வேறொருவர் வாங்கிவிட்டார். .in காலியாக இருக்கிறது. .store இரண்டு டீ காசுக்குக் கிடைக்கிறது. எதை எடுப்பது?

அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் கம்பெனி 2011-ல் தன் பெயரை O.co என்று சுருக்கிக்கொண்டது. விளம்பரத்துக்குக் குறைவில்லை, ஓக்லாண்டில் ஒரு விளையாட்டரங்கமே அந்தப் பெயரைத் தாங்கியது. ஆனால் வாடிக்கையாளர்கள் பழக்கதோஷத்தில் o.com என்று தட்டினார்கள். சில மாதங்களிலேயே கம்பெனி பழைய பெயருக்கே திரும்பியது.

கரூர்க்காரருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து மின்னஞ்சலில் இருக்கிறது. பையர் பர்ச்சேஸ் ஆர்டரை அனுப்பும்போது .store-க்குப் பதில் .com என்று போட்டுவிட்டால், அது அந்த .com-காரரிடம் போய்ச் சேரலாம். எந்த முகவரிக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி அவர் வைத்திருந்தால், மெயில் திரும்பிக்கூட வராது. இங்கே நாம் ஆர்டருக்குக் காத்திருப்போம், அங்கே பையர் பதிலுக்குக் காத்திருப்பார். அதனால் முதலில் அந்த .com-ஐத் திறந்து பார்க்க வேண்டும். அதே தொழில்காரர் உட்கார்ந்திருந்தால் பெயரையே மாற்றுவது நல்லது.

.in மோசமில்லை. ஆனால் கூகுள் அதை இந்தியர்களுக்கான தளம் என்பதற்கு ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. பையர்களைக் கண்காட்சியில் நேரில் பிடிப்பவருக்கு இது பொருட்டில்லை. தேடி வருபவர்களை நம்புகிறவருக்குப் பொருட்டு. கனடாவின் .ca வேண்டுமானால் அந்த நாட்டோடு ஏதாவது சட்டத் தொடர்பு காட்ட வேண்டும். நாட்டு வால்களில் விதி மாறும் அபாயமும் உண்டு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால், 2021 தொடக்கத்தில் பிரிட்டன் முகவரியில் இருந்த பல்லாயிரம் .eu பெயர்கள் முடக்கப்பட்டன.

.store, .shop போன்ற புது வால்களுக்குக் கூகுள் தனிச் சலுகை எதுவும் தருவதில்லை. முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்காமல், பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருக்கும் புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். பல மடங்கு இருக்கலாம். .com-ன் மொத்த விலையை எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் வரம்பு இருக்கிறது. புது வால்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. போதாததற்கு, சில பழைய இணையப் படிவங்கள் நீளமான வாலுள்ள மெயில் முகவரியைத் தவறு என்று தள்ளிவிடும்.

நண்பர் கடைசியில் பெயரோடு ஊரையும் சேர்த்து .com வாங்கினார். அதே பெயரில் .in-ஐயும் எடுத்து, அதைத் தட்டினாலும் .com-க்கே போகும்படி திருப்பிவிட்டார். பெயர் நீண்டுவிட்டது என்று அவருக்கு இன்னும் வருத்தம்தான்.