‘இன்னும் வரல’ எந்த மொழி?

ஈரோட்டில் ஒரு சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். வியாபாரத்தில் பாதி வாட்ஸ்அப்பில் நடக்கிறது. கடை சாத்திய பிறகு வரும் விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வது ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரி. இரவு பத்தரை மணிக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வரிசையாக இவை வருகின்றன:

```
hi
anna saree innum varala
4 days munnadiye order pottachu
ok
Delivery attempted. Customer not available at the address.
ippadi msg vanthuruku, naan veetla thaan irunthen
refund process enna?
```

கடைப் பையன் இதைப் படித்தால் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டான். தமிழ் பேசுகிறவர், கோபம் ஏறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மென்பொருளோ ஒவ்வொரு வரியையும் தனியாக எடுத்து ‘இது என்ன மொழி?’ என்று பார்க்கிறது. அந்த விடையை வைத்துத்தான் செய்தி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தீர்மானமாகிறது. ஆங்கிலம் என்றால் ஆங்கில பிராம்ப்ட். அதாவது, எந்த மொழியில், எந்தத் தொனியில், எந்த விவரங்களை வைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று மாதிரிக்கு முன்னதாகவே எழுதிவைத்த குறிப்பு. தமிழ் என்றால் வேறு குறிப்பு. சில இடங்களில் மாதிரியே வேறு. இந்தப் பிரிப்பு தப்பினால், சேலை வரவில்லை என்று தமிழில் புலம்புகிறவருக்கு ‘Dear Customer’ என்று தொடங்கும் பதில் போய்ச் சேரும்.

பிரிப்பதில் சுலபமான பகுதி எழுத்துரு. யூனிகோடில் தமிழுக்கென்று U+0B80 முதல் U+0BFF வரை ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். செய்தியில் அந்த எல்லைக்குள் எத்தனை குறிகள், ஆங்கில எழுத்துகள் எத்தனை என்று எண்ணினால் போதும். இரண்டே வரி நிரல்:

```
tamil = len(re.findall(r'[\u0B80-\u0BFF]', msg))
latin = len(re.findall(r'[A-Za-z]', msg))
```

இதிலும் ஒரு சின்னக் கண்ணி உண்டு. ‘கொடுத்தேன்’ நமக்கு ஐந்து எழுத்து. கணினி உயிர்மெய்யைப் பிரித்து, புள்ளியையும் தனியாக எண்ணுவதால் அதற்குப் பத்து. எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால் தராசு தமிழ்ப் பக்கம் சாயும். அதனால் சொற்களை எண்ணுவது நல்லது. ஆர்டர் எண், இணைய முகவரி, பொம்மைக்குறி எல்லாவற்றையும் முதலிலேயே கழித்துவிட வேண்டும். அவை எந்த மொழியும் இல்லை.

ஆனால் மேலே உள்ள ஏழு வரியில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லையே. நம்மில் ஏராளமானோர் கைப்பேசியில் தட்டுவது தமிழ்தான், எழுத்து மட்டும் ஆங்கிலம். உலகம் முழுக்கப் புழங்கும் மொழி கண்டறியும் கருவிகள் திணறுவது இங்கேதான். ஃபேஸ்புக்கின் ஃபாஸ்ட்டெக்ஸ்ட் கருவிக்கு 176 மொழிகள் தெரியும். அதன் சுருக்கப் பதிப்பு ஒரு எம்பிகூட இல்லை, கண் சிமிட்டுவதற்குள் விடை சொல்லும். ஆனால் அது பெரும்பாலும் விக்கிப்பீடியா போன்ற மூலங்களிலிருந்து கற்றது. விக்கிப்பீடியாவில் தமிழ் தமிழ் எழுத்தில் இருக்கிறது. ஆகவே ஆங்கில எழுத்தில் வரும் தமிழை அது பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடலாம். கூகுளின் சிஎல்டி3 ஆங்கில எழுத்தில் வரும் இந்தியையும் ரஷ்ய மொழியையும் தனியாக அடையாளம் காணும். தமிழுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

பார்த்திராத ஒன்றைக் கொடுத்தால் இந்தக் கருவிகள் ‘தெரியாது’ என்று சொல்வதில்லை. தெரிந்தவற்றில் எது கொஞ்சமாவது ஒத்துப்போகிறதோ அதைக் கைகாட்டும். காரணம் அவை வேலை செய்யும் விதம். பெரும்பாலானவை சொற்களின் பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்துத் துணுக்குகளைப் பார்க்கின்றன. `veetla` என்ற சொல் அதற்கு `vee`, `eet`, `etl`, `tla`. எந்த மொழியில் இந்தத் துணுக்குகள் அடிக்கடி வரும் என்ற கணக்குதான் விடை. உயிரெழுத்தை இரட்டித்து நெடில் காட்டுவது ஃபின்னிஷ் மொழியின் வழக்கம். நாமும் அப்படித்தான் தட்டுகிறோம். ஈரோட்டுக்காரர் சட்டென்று பின்லாந்துக்காரர் ஆகிவிடுவது இப்படித்தான். கூடவே கருவி ஒரு நம்பிக்கை மதிப்பெண்ணும் தரும். சின்னச் செய்திகளில் அந்த எண்ணை நம்பவே கூடாது. தப்பான விடைக்கும் தாராளமாகப் போட்டுவிடும்.

இதே துணுக்குக் கணக்கு சரியான தரவில் பழகினால் நன்றாகவே வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ‘வரவில்லை’ என்பதை `varala`, `varla`, `varalai` என்று ஆளுக்கொரு விதமாக அடிக்கிறோம். அகராதி வைத்துத் தேடினால் பாதி கிடைக்காது, துணுக்குகள் மட்டும் எல்லாவற்றிலும் தங்கியிருக்கும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்எல்ஐடி இந்த வழியில் போகிறது. 22 இந்திய மொழிகளை அவற்றின் சொந்த எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் கண்டறிய முயல்கிறது. ஆங்கில எழுத்தில் வந்தால் முதலில் ஒரு வேகமான கருவி பார்க்கும். அதற்கு உறுதி போதாவிட்டால் மெதுவான, கூர்மையான இன்னொன்றிடம் தள்ளிவிடும். ஒரு குறை உண்டு. ஆங்கில எழுத்துக்கான பயிற்சி வாக்கியங்களை, சொந்த எழுத்தில் இருந்த வாக்கியங்களை இயந்திரத்தால் ஒலிபெயர்த்துத்தான் தயாரித்தார்கள். ராத்திரி பத்தரை மணிக்குத் தட்டும் தமிழ் அப்படி இருக்காது. அதில் பாதி `order`, `refund`, `delivery`.

அப்படியானால் `refund process enna?` எந்த மொழி? மூன்று சொல்லில் இரண்டு ஆங்கிலம். வாக்கெடுப்பு வைத்தால் தமிழ் தோற்கும். ஆனால் கேள்வியைக் கேள்வியாக்குவது `enna`. மொழியியலாளர் கேரோல் மயர்ஸ்-ஸ்காட்டன் 1990-களில் முன்வைத்த கருத்து இங்கே உதவுகிறது: கலந்து பேசும்போது ஒரு மொழி சட்டகமாக நிற்கிறது, மற்றது அதில் சொற்களைச் செருகுகிறது. சட்டகம் எது என்பதைப் பெயர்ச்சொற்கள் சொல்லாது. உருபும் வினைமுற்றும் கேள்விச்சொல்லும் சொல்லும். `cancel pannunga`, `account la`, `order oda status` எல்லாவற்றிலும் சட்டகம் தமிழ். ஆகவே எண்ணும்போது எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை போடாமல், `panni`, `kku`, `nga`, `illa` போன்றவற்றுக்குக் கூடுதல் எடை போடலாம். `illa`-விடம் மட்டும் சற்று ஜாக்கிரதை: மலையாளத்திலும் கன்னடத்திலும் அது அதே பொருளில் இருக்கிறது. ஓசூரிலும் பாலக்காட்டிலும் வாடிக்கையாளர் உள்ள கடை அந்த ஒரு சொல்லை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இப்போது நான்காவது வரிக்கு வருவோம். `ok`. ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகத் தீர்மானிக்கும் அமைப்பு இங்கே ஆங்கிலத்துக்குத் தாவும், ஆறாவது வரியில் மறுபடி தமிழுக்கு. வாடிக்கையாளருக்கு இரண்டு பேரிடம் மாறி மாறிப் பேசுவது போல இருக்கும். செய்தியோடு உரையாடலுக்கும் ஒரு மொழி உண்டு என்று நினைவில் வைத்தால் இது தீரும். `hi`, `ok`, `thanks`, வெறும் எண் ஆகியவை எதையும் மாற்ற உரிமை இல்லாதவை. ஏற்கெனவே இருந்த மொழியே தொடரும். மாற்ற வேண்டுமானால் குறைந்தது மூன்று நான்கு சொல் கொண்ட ஒரு செய்தி, தெளிவான மதிப்பெண்ணோடு, முடிந்தால் இரண்டு முறை தொடர்ந்து வர வேண்டும். சந்தேகம் வந்தால் இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது. ஒரு விதிவிலக்கு: வாடிக்கையாளரே ‘இங்கிலீஷ்ல சொல்லுங்க’ என்றால் கண்டறியும் கருவி வாய்மூடிக்கொள்ள வேண்டும். அவர் சொன்னதே முடிவு.

ஐந்தாவது வரி இன்னும் விஷமமானது. பிழையில்லாத, நீளமான ஆங்கிலம். எந்தக் கருவியும் நிச்சயமாக ஆங்கிலம் என்றே சொல்லும். ஆனால் அது அவர் எழுதியதே அல்ல, கூரியர் அனுப்பிய குறுஞ்செய்தியை ஒட்டியிருக்கிறார். மனிதர் பேச்சு அடுத்த வரியில் இருக்கிறது. வங்கிச் செய்தி, கூரியர் செய்தி, பிழைச் செய்தி ஆகியவற்றின் வார்ப்பு மாறுவதில்லை என்பதால் சில வடிவங்களை வைத்தே பிடித்து ஒதுக்கிவிடலாம். இரண்டும் ஒரே செய்தியில் சேர்ந்து வந்தால் வரிவரியாகப் பிரித்து, கடைசி வரிக்கு முன்னுரிமை கொடுப்பது பெரும்பாலும் சரியாக வரும். மனிதர்கள் ஒட்டிவிட்டுத்தான் கேள்வி கேட்கிறார்கள்.

மொழி தெரிந்த பிறகு எங்கே அனுப்புவது? இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: மொழிக்கு ஒரு மாதிரி வைப்பது பலருக்கு வீண் செலவு. பெரிய மாதிரிகள் ஆங்கில எழுத்துத் தமிழை ஓரளவு நன்றாகவே புரிந்துகொள்கின்றன. அவற்றுக்கு வேறு குறிப்பு கொடுத்தாலே போதும்: ‘ஆங்கில எழுத்தில் பேச்சுத் தமிழில் பதில் சொல், நீங்க என்று மரியாதையாக, கடைச் சொற்களை மொழிபெயர்க்காதே.’ இந்தக் கடைசிப் பகுதி முக்கியம். இல்லாவிட்டால் ரீஃபண்டைப் ‘பணமீளளிப்பு’ ஆக்கிவிடும். செய்தியைத் தமிழ் எழுத்துக்கு மாற்றித் தருவது ஒரே ஓர் இடத்தில் பலன் தரும்: கடையின் விதிமுறைகள் தமிழில் இருந்து, அவற்றில் தேடி எடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தால். `varala` என்று தேடினால் ‘வரவில்லை’ என்ற பத்தி அகப்படாமல் போகலாம்.

இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? மொத்த மதிப்பெண் ஏமாற்றும். 1,000 செய்திகளில் 700 ஆங்கிலம், 250 ஆங்கில எழுத்துத் தமிழ், 50 தமிழ் எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தைத் தமிழ் என்றும் மற்ற எல்லாவற்றையும் ஆங்கிலம் என்றும் சொல்லும் மொண்ணைக் கருவி 75 சதவீதம் வாங்கிவிடும். அந்த 250 பேரில் ஒருவருக்குக்கூடச் சரியான பதில் போயிருக்காது. ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனியாக, ஐந்து சொல்லுக்குக் குறைந்த செய்திகளுக்குத் தனியாக அளக்க வேண்டும். அதற்குக் கடையின் உண்மையான செய்திகளை ஆட்கள் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். அவர்களிடம் ‘இது தமிழா ஆங்கிலமா?’ என்று கேட்டால் சண்டைதான் வரும். ‘இவருக்கு எந்த மொழியில் பதில் சொன்னால் திருப்தியாக இருக்கும்?’ என்று கேட்டால் `refund process enna?` பற்றி அதிகம் வாக்குவாதம் இருக்காது.

எழுத்துருவைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர் எல்லோரும் சோம்பலால் அப்படிச் செய்வதில்லை. மும்பையிலோ டொராண்டோவிலோ வளர்ந்து, வீட்டில் தமிழ் பேசி, தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாதவர் எத்தனையோ பேர். ‘தமிழ் என்று கண்டுபிடித்துவிட்டோம்’ என்ற பெருமையில் அவருக்குத் தமிழ் எழுத்தில் பதில் அனுப்பினால், மொழி சரி, ஆனால் அவரால் படிக்க முடியாது. அதனால் பேசும் மொழியையும் எழுத்துருவையும் ஒரே பெயரில் அடைக்காமல் இரண்டு தனிக் குறிப்புகளாகச் சேமித்துவைக்க வேண்டும். வாடிக்கையாளர் எந்த எழுத்தில் எழுதுகிறாரோ அதிலேயே பதில் போகட்டும். தமிழ் எழுத்து வேண்டுமா என்பதை ஒரு பொத்தானில் ஒரே ஒரு முறை கேட்டு, அவர் தொட்டதை அவர் எண்ணோடு எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த தீபாவளி ஆர்டருக்கும் அது செல்லும்.