நான்கு வாரப் புழு ஏன் சாவதில்லை?

செனகல் ஆற்றின் கரையில் ரிஷார்-டோல் என்ற கரும்பு ஊர் இருக்கிறது. முன்பெல்லாம் வறண்ட மாதங்களில் கடல்நீர் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறி வரும். 1986-இல் கழிமுகத்தருகே டியாமா அணை கட்டி முடிக்கப்பட்டதும் அந்த உப்புநீர் வரத்து நின்றது. கரும்புக்கும் நெல்லுக்கும் வெட்டிய வாய்க்கால்களில் ஆண்டு முழுக்க நல்ல தண்ணீர் ஓடியது. அந்த நல்ல தண்ணீரில் நத்தைகளும் பெருகின. நத்தையின் உடலில் வளர்ந்து, நீரில் நீந்தி, மனிதத் தோலைத் துளைத்து நுழையும் ரத்தத் தட்டைப்புழு ஒன்று உண்டு. சிஸ்டோசோமா மான்சோனி என்பது அதன் பெயர். 1988-இல் ரிஷார்-டோலில் அந்தப் புழுவால் நோயுற்றவர்கள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெரும்பாலோரின் மலத்தில் அதன் முட்டைகள் தெரிந்தன.

இந்த நோய்க்கு மருந்து இருந்தது. பிராசிகுவான்டெல் என்ற மாத்திரை அது. 1970-களில் ஜெர்மனியில் மெர்க், பேயர் நிறுவனங்கள் கண்டுபிடித்தவை. உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்று கணக்கிட்டு ஒரே வேளையில் கொடுப்பார்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 600 மில்லிகிராம் மாத்திரை நான்கு. மற்ற இடங்களில் இந்த ஒரு வேளை மருந்தே பத்துப் பேரில் ஏழெட்டுப் பேரைக் குணமாக்கியிருந்தது. ரிஷார்-டோலுக்கு அருகிலுள்ள ந்தோம்போ கிராமத்தில் 1990-களின் தொடக்கத்தில் இதே அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோது நூற்றுக்குப் பதினெட்டுப் பேரின் மலத்தில்தான் முட்டை இல்லை.

மருந்து தோற்றுவிட்டதா? அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. குணமாகாதவர்களிடமும் முட்டைகளின் எண்ணிக்கை பெரிதும் சரிந்து, ஊர் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 86 விழுக்காடு குறைந்திருந்தது. ஆக, மருந்து புழுக்களில் பெரும்பங்கைக் கொன்றிருக்கிறது. எதையோ விட்டும் வைத்திருக்கிறது. விட்டு வைத்தது எதை என்று புரிய, இந்த மாத்திரை ஒரு புழுவை எப்படிக் கொல்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

வளர்ந்த ஆண்புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன் உடல் நீளவாக்கில் தாழ்வாரத் தகடுபோல மடிந்திருக்கும். அதைவிட மெலிந்த பெண்புழு அந்த மடிப்புக்குள் படுத்துக்கொள்ளும். குடலைச் சுற்றியுள்ள சிரைகளுக்குள், ரத்த ஓட்டத்துக்கு எதிராக உறிஞ்சிகளால் சுவரைப் பற்றிக்கொண்டு, இந்த ஜோடி ஆண்டுக்கணக்கில் வாழும். அப்படிப்பட்ட புழுவை உடற்சூட்டில் உள்ள உப்புக்கரைசலில் போட்டு, உருப்பெருக்கியின் கீழே வைத்து, மிகச் சிறிதளவு பிராசிகுவான்டெலைக் கலந்தால் சில நொடிகளில் ஆண்புழு சுருங்கிவிடும். நெளிவு நிற்கும். தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்தபடி, உடல் குறுகி விறைத்துப் போகும். அதே கரைசலிலிருந்து கால்சியத்தை நீக்கிவிட்டு மருந்தைக் கலந்தால் இந்தச் சுருக்கம் வராது. 1970-களின் கடைசியிலேயே இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். புழுவைச் சுருக்குவது, மருந்து திறந்துவிட்ட வழியாக வெளியிலிருந்து உள்ளே பாயும் கால்சியம்.

தசை சுருங்கக் கால்சியம்தான் கட்டளை. நம் தசையிலும் அப்படியே. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம். உயிருள்ள ஒவ்வொரு செல்லும் அதை வெளியே நிறுத்திவைக்க ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. கதவு ஒன்று திறந்து, மூடாமல் நின்றுவிட்டால் வெள்ளம்தான். அந்தக் கதவு எது என்பது நாற்பதாண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்தது. கோடிக்கணக்கான பேருக்கு மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே அது எங்கே ஒட்டுகிறது என்று தெரியாமல் இருந்தோம். 2019-இல்தான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஜொனாதன் மார்ச்சன்ட் குழுவினர் அதைக் காட்டினார்கள். புழுவின் செல்சவ்வில் உள்ள டி.ஆர்.பி.எம். வகை அயனிக் கால்வாய் ஒன்றில் பிராசிகுவான்டெல் போய் உட்காருகிறது, கால்வாய் திறக்கிறது, கால்சியம் பாய்கிறது. ஆட்டையும் மாட்டையும் வாட்டும் ஈரல் தட்டைப்புழுவிடம் இந்த மருந்து பலிக்காது என்பது கால்நடை மருத்துவர்கள் வெகுகாலமாக அறிந்த சங்கதி. அந்தப் புழுவின் கால்வாயிலோ, மருந்து உட்காரும் குழியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அவ்வளவு சிறிய வேறுபாடு மாத்திரையைச் செல்லாக்காசு ஆக்கிவிடுகிறது.

சுருங்கிய புழு அதனாலேயே செத்துவிடுவதில்லை. இங்கேதான் தோல் வருகிறது.

இந்தப் புழுவின் தோல் செல் செல்லாகப் பிரிந்த தோல் அல்ல. தையலே இல்லாமல் நெய்த ஒற்றைத் துணிபோல, உடல் முழுவதையும் போர்த்திய உயிருள்ள ஒரே படலம். அதன் வெளிப்புறச் சவ்வு இரட்டை அடுக்கு. மேலே தேய்வதைக் கீழிருந்து வரும் புதிய சவ்வு ஈடுசெய்துகொண்டே இருக்கும். ரத்தத்துக்குள், நம் எதிர்ப்பு அணுக்களின் நடுவிலேயே அது ஆண்டுக்கணக்கில் பிழைத்திருப்பது இந்தப் போர்வையின் தயவால்தான். பிராசிகுவான்டெல் பட்ட சில நிமிடங்களில் இந்தப் போர்வை கொப்பளிக்கிறது. வெந்நீர் பட்ட கைபோல, ஆண்புழுவின் முதுகில் சிறு குமிழிகள் எழும்பி உடைகின்றன. அதுவரை மறைந்திருந்த புரதங்கள் வெளியே தெரிகின்றன. நோயாளியின் ரத்தத்தில் அந்தப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும், ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்காமல். இப்போது இடம் கிடைத்துவிட்டது. எதிர்ப்பொருள்கள் ஒட்ட, வெள்ளணுக்கள் வந்து குடைந்து நுழைய, மிச்ச வேலை நம் உடலுடையது. விறைத்த புழு பிடியிழந்து, ரத்த ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு ஈரலில் போய்த் தங்கி அங்கேயே கரைகிறது. எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளில் இதே மருந்து பாதிதான் வேலை செய்கிறது. வெளியிலிருந்து எதிர்ப்பொருளை ஏற்றினால் அதன் வலு திரும்புகிறது. கூட்டு வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இனி குஞ்சுப்புழுவுக்கு வருவோம். தோலைத் துளைத்து நுழைந்த முதல் சில நாட்களில் புழு இந்த மருந்துக்கு ஓரளவு பணிகிறது. ஏறக்குறைய ஒரு வாரம் ஆனதும் பணிய மறுக்கிறது. நுரையீரலைக் கடந்து ஈரலுக்கு வந்து வளரும் காலம் முழுக்க, நான்கு வாரம் வரைக்கும், மாத்திரை அதை ஒன்றும் செய்வதில்லை. அதன் பிறகு சிறுகச் சிறுகப் பணிந்து, முட்டையிடத் தொடங்கி ஆறேழு வாரம் எட்டும்போதுதான் முழுமையாக மருந்துக்கு வசப்படுகிறது. 1980-களில் எலிகளுக்கு வெவ்வேறு நாளில் மருந்து கொடுத்து இதை வகுத்துச் சொன்னார்கள்.

குஞ்சுப்புழுவிடம் கால்சியக் கதவு இல்லாமலிருக்கும், அதனால் தப்புகிறது என்று யாரும் முதலில் நினைப்போம். அப்படி இல்லை. நான்கு வாரப் புழுவை மருந்தில் போட்டாலும் அது சுருங்குகிறது, கால்சியமும் உள்ளே பாய்கிறது. ஆனால் மருந்தைக் கழுவிவிட்டால் மெல்ல இளகி, நெளிந்து, பிழைத்துக்கொள்கிறது. கால்சியம் நுழைவது வேறு, சாவது வேறு. என் பார்வையில் இந்த மருந்தைப் பற்றி இதுவரை தெரியவந்ததில் மிக முக்கியமான பாடம் இதுதான். குஞ்சின் தோல் பெரிய புழுவினுடையதைப்போலக் கிழிவதில்லை. மருந்தின் அடியைத் தாங்க உதவும் மரபணுக்களை அது அதிகம் இயக்கிக்கொள்கிறது. போதாததற்கு, புதிதாக நோய் தொற்றியவர் உடலில் எதிர்ப்பொருள்களும் இன்னும் திரண்டிருக்காது. மருந்தும் காத்திருப்பதில்லை. விழுங்கியதில் பெரும்பகுதியை ஈரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடுகிறது. எஞ்சியது ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிறது. சாப்பாட்டோடு விழுங்கினால் கூடுதலாக ரத்தத்தில் ஏறும், அவ்வளவே. மறுநாள் காலையில் குஞ்சுப்புழுவைத் தொட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

இப்போது ந்தோம்போவுக்குத் திரும்புவோம். தினமும் வாய்க்காலில் துணி துவைக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை விழுங்கும் நாளில் அவள் உடலில் இரண்டு வருடப் புழுவும் இருக்கும், இரண்டு வாரப் புழுவும் இருக்கும். பெரியவை சாகின்றன. சில வாரங்களில் முட்டை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தப்பிய இரண்டு வாரப் புழு வளர்ந்து, ஐந்தாறு வாரத்தில் ஜோடி சேர்ந்து முட்டையிடுகிறது. பன்னிரண்டாவது வாரத்தில் சோதிப்பவர் கண்ணுக்கு அவள் குணமாகாதவள். மூன்றாவது வாரத்தில் முட்டை நின்று பன்னிரண்டாவது வாரத்தில் மறுபடி வந்தால், குஞ்சுகள் தப்பின அல்லது புதிதாகத் தொற்றிக்கொண்டது என்று கொள்ளலாம். மூன்றாவது வாரத்திலும் உயிருள்ள முட்டைகள் குறையாமல் வந்தால் பெரிய புழுவே சாகவில்லை. சோதிக்கும் நாளைக் கேட்காமல் குணவிகிதத்தை மட்டும் படிப்பதில் பொருளில்லை.

முழுப் பழியையும் குஞ்சுப்புழு மேல் போட்டுவிட முடியாது. அங்கே ஒவ்வொருவர் உடலிலும் புழுக்கள் ஏராளம். அதிகம் இருந்தால் சில எப்படியும் தப்பும். மருந்துக்குச் சற்றுக் குறைவாகப் பணியும் புழுக்களும் அந்தப் பகுதியில் கிடைத்தன. ஆனாலும் வடக்கு செனகலில் நாற்பது நாள் இடைவெளியில் இரண்டாம் வேளை கொடுத்துப் பார்த்தபோது குணமானவர்கள் வெகுவாகக் கூடினார்கள். முதல் வேளையில் குஞ்சாக இருந்தவை இரண்டாம் வேளைக்குள் வளர்ந்திருந்தன என்பதோடு இது ஒத்துப்போகிறது.

குஞ்சுப்புழுவைக் கொல்லும் மருந்தும் உண்டு. மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்ட்டெமீதர் அதைச் செய்யும் என்று சீன ஆய்வாளர்கள் 1980-களிலேயே கண்டார்கள். ஆனால் இந்த நோய் மண்டிய ஆப்பிரிக்க நாடுகள்தான் மலேரியாவும் மண்டிய நாடுகள். மலேரியாவுக்கென உள்ள கடைசிக் கவசத்தைப் புழுவுக்காகப் பரவலாகக் கொடுத்தால் மலேரியாக் கிருமி அதற்குப் பழகிவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் அந்த வழி திறந்தும் திறக்காமலும் நிற்கிறது.

ஆப்பிரிக்காவுக்கு வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். விக்டோரியா ஏரியிலோ மலாவி ஏரியிலோ, வேறு ஆற்றிலோ வாய்க்காலிலோ இறங்கியிருந்தால், கடைசியாக இறங்கிய நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய வாரமே மாத்திரை விழுங்கினால் அது பெரும்பாலும் வீண். இடையில் காய்ச்சல், இருமல், உடல் தடிப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் போய் அந்த நாளையும் அந்த நீரையும் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தில் மலத்தில் முட்டை தெரியாமல் இருக்கலாம், அதை வைத்து நோயில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும், கடைசியாக நீரில் இறங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், மாத்திரையும் அப்போதுதான். அதற்கு முன்பே யாராவது கொடுத்திருந்தால், இன்னொரு வேளை வேண்டுமா என்று மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள்.