கணக்குக் கேட்காத பணம்

வீட்டுக் கடன் வாங்கலாமா வேண்டாமா என்பதில் இளம் தம்பதிகள் அவ்வளவாகச் சண்டை போடுவதில்லை. பெரிய விஷயம் என்பதால் உட்கார்ந்து பேசிவிடுகிறார்கள். சண்டை வருவது சனிக்கிழமை ராத்திரி வாசலில் வந்து இறங்கும் 320 ரூபாய் பிரியாணிக்குத்தான். "சாயங்காலமே மாவு அரைச்சு வெச்சிருக்கேனேங்க, இது எதுக்கு?" என்பாள் அவள். "மாசம் பூரா உழைக்கிறேன், ஒரு பிரியாணிக்குக்கூட கணக்கு சொல்லணுமா?" என்பான் அவன். அவளுக்கு 320 ரூபாய் கரைந்துபோன பயம். அவனுக்கு, கேள்வி கேட்கப்பட்ட கோபம். பிரியாணியின் விலையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இப்படி ஒருவர் சேமிப்பவராகவும் மற்றவர் செலவாளியாகவும் அமைவது தற்செயல் என்றும் சொல்ல முடியாது. ஸ்காட் ரிக், டெபோரா ஸ்மால், ஈலை ஃபிங்கல் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், பணத்தைச் செலவழிக்கும் குணத்தில் தமக்கு எதிரானவரையே பலர் துணையாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும், அந்த வித்தியாசம் கூடக்கூட வீட்டில் பணச் சண்டையும் கூடுகிறது என்றும் கண்டார்கள். பெரியவர்கள் பார்த்து முடிக்கும் நம் கல்யாணங்களில் இந்தத் தேர்வுக்கு இடமில்லை. ஆனால் பணம் கொடுக்கும்போது ஒருவருக்கு மனசு வலிக்கிறது, இன்னொருவருக்கு வலிப்பதே இல்லை என்ற வித்தியாசம் இங்கேயும் உண்டு. ஜிபே வந்தபிறகு, வலிக்காதவருக்கு இன்னும் வலிக்காமல் போய்விட்டது.

குணத்தை மாற்றப் பார்ப்பது வீண் வேலை என்பது என் கருத்து. பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, எந்தத் தேதியில் அங்கே போகிறது என்பதை மாற்றினால் பாதிச் சண்டை நின்றுவிடும். ஓர் உதாரணம் பார்ப்போம். சென்னை அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தம்பதி. அவனுக்குச் சம்பளம் 52,000, அவளுக்கு 38,000. மொத்தம் 90,000 ரூபாய். வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட் பில், பெட்ரோல், இரண்டு பக்கப் பெற்றோருக்கும் அனுப்புவது எல்லாம் சேர்த்து மாதம் 52,000 ஆகிறது.

இதோடு கணக்கை முடித்துவிடுவதில்தான் பெரும்பாலானவர்கள் இடறுகிறார்கள். தீபாவளித் துணி, மொய், வண்டி இன்சூரன்ஸ், மருத்துவக் காப்பீடு, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் மாதாமாதம் வருவதில்லை. வரும்போது மொத்தமாக வரும்; அந்த மாதத்தில் யார் எதை வாங்கினாலும் குற்றமாகத் தெரியும். ஒரு வருடத்துக்கான இந்தச் செலவுகளை எழுதிக் கூட்டினால் இவர்களுக்கு 84,000 வருகிறது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,000. இதையும் மாதச் செலவாகவே எடுத்து வைக்க வேண்டும். சேமிப்புக்கு 13,000 என்று வைத்தால் மொத்தம் 72,000.

இந்த 72,000 போவதற்கு இருவர் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்று எழுதிக் கொடுத்தால் இருவரில் யார் வேண்டுமானாலும் அதை இயக்கலாம். சம்பளம் வந்த மறுநாளே இருவரின் கணக்கிலிருந்தும் பணம் தானாக அங்கே போகும்படி வங்கியில் சொல்லிவிடலாம். மீதி 18,000. இதை ஆளுக்கு 9,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கு அவன் 43,000, அவள் 29,000 பொதுக் கணக்கில் போட வேண்டும். சம்பள விகிதப்படி பிரித்தால் அவனுக்குக் கொஞ்சம் கூட வரும், அதுதான் நியாயம் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்பாத்தியம் கூடக் குறைய இருக்கலாம். கேள்வி கேட்கப்படாமல் செலவழிக்கும் உரிமை ஒருவருக்குக் கூடுதலாக இருந்தால், அந்த வீட்டில் பழைய சண்டை வேறு உருவத்தில் வரும்.

அந்த 9,000-க்குக் கணக்குக் கேட்கக் கூடாது. அவன் பிரியாணி வாங்கலாம், ஷூ வாங்கலாம். அவள் அதையும் சீட்டில் போட்டுச் சேர்க்கலாம். "இப்படிக் கட்டிக் காத்து என்ன பண்ணப் போற?" என்று அவனும் கேட்கக் கூடாது. பொதுக் கணக்கிலிருந்து 3,000 ரூபாய்க்கு மேல் எடுப்பதென்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த வரம்பை அவரவர் வீட்டுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

அவனுக்கு 45,000 ரூபாய் போன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடையில் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’, ஆறு மாதம், மாதம் 7,500 என்பார்கள். வட்டி இல்லை என்பது முழுக்க உண்மையில்லை. வழக்கமாக வட்டி அளவுக்கு விலையில் முன்கூட்டியே தள்ளுபடி தருகிறார்கள். வங்கி தன் வட்டியை வாங்கத்தான் செய்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும், பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் நம் தலையில் விழும். அதைவிட முக்கியமானது, ஆறு மாதம் அவன் கையில் 1,500 ரூபாய்தான் மிஞ்சும். மூன்றாவது மாதமே பொதுக் கணக்கின் பக்கம் கை நீளும். மாதம் 5,000 ஒதுக்கினால் ஒன்பது மாதத்தில் அதே போனை மொத்தமாக வாங்கிவிடலாம். தவணைதான் வேண்டும் என்றால் அவன் இஷ்டம். அது அவன் பங்குக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

சேமிப்பவர் பக்கத்திலும் ஒரு கோளாறு உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. எவ்வளவு சேர்ந்தால் போதும் என்று அவருக்கே தெரியாது. அதனால் எந்தச் செலவும் தப்பாகவே தெரியும். அவளிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: "எவ்வளவு இருந்தா உனக்குப் பயம் போகும்?" மூன்று மாத வீட்டுச் செலவு கையில் இருக்க வேண்டும் என்றால் அது 1,56,000 ரூபாய். மாதம் 13,000 வீதம் சரியாகப் பன்னிரண்டு மாதத்தில் சேர்ந்துவிடும். அந்தத் தொகை சேர்ந்தபிறகு 13,000-இல் மூவாயிரத்தை ஊர் சுற்றிப் பார்க்க ஒதுக்கலாம் என்று அவன் கேட்டால், அவளால் பதறாமல் தலையாட்ட முடியும்.

ஏற்பாடு சரியாக ஓடவில்லை என்றால் சில அடையாளங்கள் தெரியும். 1,800 ரூபாய் ஷூவை 900 என்று சொல்வது, பார்சலை ஆபீஸ் முகவரிக்கு வரவழைப்பது. சேமிப்பவரும் ஒளிப்பார்: புருஷனுக்குத் தெரியாமல் ஆர்டி, அம்மா வீட்டில் சிறுவாட்டுப் பணம். இப்படி ஒளிப்பது தொடங்கினால் கேட்க வேண்டாத பங்கு போதவில்லை, அல்லது அதற்கும் யாரோ கணக்குக் கேட்கிறார்கள் என்று பொருள். தொகையை மாற்றுங்கள். கிரெடிட் கார்டில் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவதும், லோன் ஆப்களில் கடன் வாங்குவதும் தெரியவந்தால் அது வேறு நிலை. முதலில் கடன் முழுவதையும் எழுதி வைத்து, அது தீரும்வரை சேமிப்பையே அதற்குத் திருப்பிவிட வேண்டும். கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போகும்போது ஆர்டி போட்டு லாபமில்லை.

சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மனைவியின் ஏடிஎம் கார்டைக் கணவனோ மாமியாரோ வாங்கி வைத்துக்கொள்வதும், பஸ் காசுக்கு அவளைக் கையேந்த வைப்பதும் சேமிப்புக் குணத்தில் சேராது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறையாகவே சொல்கிறது. அங்கே பொதுக் கணக்கும் பங்கும் உதவாது. பெண்கள் உதவி எண் 181-ஐ அழைக்கலாம்.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டதோடு விட்டுவிட முடியாது. குழந்தை பிறக்கும்போது, மகப்பேறு விடுப்புக்குத் தகுதி உள்ளவர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகள் வரை 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதற்குப் பிறகும் அவள் வேலைக்குத் திரும்பவில்லை என்றால் மொத்த வருமானம் 52,000 ஆகிவிடும். வாடகை முதல் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும், சேர்த்த 1,56,000-இல் இருந்து எடுக்கவும் வேண்டியிருக்கும். ஆளுக்கு 9,000 என்பது 2,000 ஆகலாம். ஆனால் அந்த 2,000 அவளுக்கும் உண்டு, அவன் கேட்காமல் மாதத் தொடக்கத்திலேயே அவள் கணக்குக்குப் போய்விட வேண்டும்.